முதலாளி குளிக்காத நாள்

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியதும் எங்கள் வீட்டில் நடந்த முதல் மாற்றம், என்னை யாரும் ஏர் பிடிக்கக் கூப்பிடவில்லை என்பது. இரண்டாவது மாற்றம், வேறு எதற்கும்கூட யாரும் கூப்பிடவில்லை. நைனா சிங்கவரத்தில் குத்தகை நிலத்தில் மல்லாட்டை போட்டிருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். படித்த கையில் மண் படக்கூடாது என்று அவராக முடிவு செய்துவிட்டதால், நான் வரப்பில் நின்று எல்லாரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வம்சத்தில் வரப்பில் சும்மா நின்ற முதல் ஆள் நான்தான்.

அப்படி நின்றது போதும் என்று தோன்றியபோது, செஞ்சிக் கடைத்தெருவில் ஒயரிங் கடை வைத்திருந்த ஒருவரிடம் போய் வேலை கேட்டேன். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. ஏதோ ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் மாலை வகுப்புப் படித்து, பரீட்சை எழுதி, ஒயர்மேன் லைசென்ஸ் வாங்கியவர். அந்த வகுப்பில் கொடுத்த, சைக்ளோஸ்டைல் செய்து நூல் போட்டுத் தைத்த பாடப்புத்தகம் ஒன்றை ஸ்குரூடிரைவர், கட்டிங் பிளேயரோடு சேர்த்துப் பையில் வைத்திருந்தார். அவரும் படிப்பார், ஆனால் எழுத்துக் கூட்டித்தான். எந்த வேலைக்கும் முன்னால் அந்த வேலைக்கான பக்கத்தை யாராவது உரக்கப் படிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கருவியைத் தொட வேண்டும் என்பது அவருடைய சட்டம். அதற்கு ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லா கணீர்னு இருக்குது," என்றார். "தோ பார், இப்ப ஒரு மல்லாட்டை மில்லு ஒயரிங் எடுத்திருக்கேன். அது இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸாச்சுன்னா நீ என் அப்ரண்டிஸ். ஆவலன்னா நீ உங்க ஊரு, நான் என் கடை."

அறுவடை வந்துகொண்டிருந்தது. மல்லாட்டை உடைக்கிற இயந்திரத்தை ஆயில் இன்ஜினிலிருந்து கரண்டுக்கு மாற்ற மில் முதலாளி அவசரப்பட்டார். நான் அவரைவிட அவசரப்பட்டேன். திரும்பவும் வரப்பில் நிற்க என்னால் ஆகாது.

அந்த வாரங்களில் நான் கற்றது எல்லாம் படித்தும், பிறகு திட்டு வாங்கியும் கற்றதுதான். ஸ்விட்சை பேஸ் ஒயரில்தான் போட வேண்டும், நியூட்ரலில் போடக்கூடாது என்று படித்தேன். புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றேன். அப்படியானால் நியூட்ரலில் போட்டால் பல்பு அணையாதா என்றார். அணையும் என்றேன். பிறகு ஏன் போடக்கூடாது என்றார். எனக்குத் தெரியவில்லை. பல்பு அணைந்திருக்கும், ஆனால் ஹோல்டர் வரைக்கும் பேஸ் வந்து உட்கார்ந்திருக்கும், அணைந்துவிட்டதே என்று பல்பைக் கழற்றப் போகிறவன் கையை அது பிடிக்கும் என்று அவரே சொன்னார். பியூஸும் அப்படித்தான், நியூட்ரலில் பியூஸ் போட்டு அது போய்விட்டால் வீடு இருட்டாக இருக்கும், ஆனால் ஒயர் எல்லாம் உயிரோடு இருக்கும். "இருட்டுதான்டா ஜாஸ்தி பொய் சொல்லும்," என்றார். ஸ்விட்சை அணைத்த பிறகும் டெஸ்ட் விளக்கு வைத்துப் பார்க்காமல் எதையும் தொடாதே என்று புத்தகம் சொன்னது. அந்த டெஸ்ட் விளக்கே சரியாக எரிகிறதா என்று உயிருள்ள இடத்தில் முதலில் பார்த்துக்கொள் என்றும் சொன்னது. புத்தகம் எழுதியவர் யாரையும் நம்பாதவர். என் ஒயர்மேனுக்கு அவர்மேல் அபார பக்தி.

மில்லில் பைப்புக்குள் ஒயர் இழுத்து, பத்துக் குதிரைச் சக்தி மோட்டாரைப் பூட்டினோம். அதன் பிறகு புத்தகத்தில் எர்த் பற்றிய பக்கம் வந்தது. மோட்டாரின் இரும்புக் கூட்டுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி, குழிக்குள் துளை போட்ட ஜி.ஐ. பைப், பைப்பைச் சுற்றி மரக்கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கு, மேலே தண்ணீர் ஊற்ற வலைபோட்ட புனல். அந்த இடம் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நான் மல்லாட்டைத் தோல் மூட்டைமேல் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்க, மில் முதலாளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார், தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்கமாட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை என்று கடைத்தெருவில் பெயர். குழி, உப்பு என்ற இரண்டு சொற்களும் காதில் விழுந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மண்ணுக்குள் இருக்கிற உயிர்கள்மேல் உப்பைக் கொட்டுவதா என்று கேட்டார். அதுவும் போதாமல் தினமும் தண்ணீர் ஊற்றி அந்த உப்பை மண்ணெல்லாம் பரப்புவதா என்றார்.

ஒயர்மேன் என்னைப் பார்த்தார். புத்தகத்தில் மண்புழுவைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று தேடச் சொன்னார். தேடினேன். போடவில்லை.

"அப்ப நானே சொல்றேன் முதலாளி," என்றார். "மோட்டாருக்குள்ள ஒயர்மேல சுத்தின காப்பு ஒரு நாள் தேஞ்சு போவும். ஒயரு இரும்பத் தொடும். அப்பவும் இரும்பு இரும்பு மாதிரியேதான் இருக்கும், பாம்பு மாதிரி சீறாது. எர்த் நல்லா இருந்தா கரண்டு அதுல குபுக்னு பாயும், அந்த வேகத்துல பியூஸ் உருகிப்போவும், மெஷின் நின்னுடும். எர்த் காஞ்சு கெடந்தா கரண்டு சொட்டுச் சொட்டாதான் போவும், பியூஸுக்கு உறைக்காது. இரும்பு காத்துக்கினு இருக்கும். மல்லாட்டை கொட்டற பொம்பள வந்து கைய வைப்பா."

முதலாளி குனிந்து காலடி மண்ணைப் பார்த்தார். பிறகு தன் நிபந்தனைகளைச் சொன்னார். குழி வெட்டலாம். ஆனால் ஒவ்வொரு கூடை மண்ணையும் அவர் பார்த்த பிறகுதான் வெளியே கொட்ட வேண்டும். கரியும் உப்பும் போடலாம். ஆனால் அதற்கென்று ஒரு சொம்புத் தண்ணீர்கூட யாரும் ஊற்றக்கூடாது.

"ஈரமில்லாம எப்படி?" என்றார் ஒயர்மேன்.

"நான் தினம் குளிக்கிறேன். அந்தத் தண்ணி எப்படியும் மண்ணுக்குத்தான் போவுது. அது உங்க குழி வழியா போனா நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

இப்படித்தான் ஒரு மனிதரின் குளியல் மூன்று பேஸ் மோட்டாரின் பாதுகாப்பு ஏற்பாட்டில் ஓர் உறுப்பாகச் சேர்ந்தது.

முதலில் மில் வாசலில் வெட்டினோம். முழங்கால் ஆழத்தில் பாறை. பக்கவாட்டில் வெட்டினோம், அங்கேயும் பாறை. மூன்று மலைக்கு நடுவில் ஊர் கட்டியவர்கள் எர்த் பைப்பை நினைத்துக் கட்டவில்லை. மில்லை ஒட்டிய முதலாளி வீட்டுப் பின்கட்டில், அவர் குளிக்கிற கல்லைத் தாண்டி இருந்த வாழைத் தோட்டத்தில்தான் கடப்பாரை இறங்கியது. முதலாளி முறத்தோடு வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். வெட்டி எடுக்கிற மண்ணை முறத்தில் பரப்பி, கிடைத்த புழுக்களை ஈரமண் போட்ட சட்டியில் எடுத்து வைத்தார். சட்டியைத் தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்ப்பது என் வேலை. உப்பு அங்கே வரைக்கும் வராதே என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். வராது என்று ஒவ்வொரு தடவையும் உறுதி கொடுத்தேன். பதினோரு வருடம் படித்ததன் பலனாக நான் மண்புழுக்களுக்கு ஜாமீன் நின்றேன்.

குளிக்கிற கல்லைக் குழிக்கு அருகில் நகர்த்திவிடலாம் என்று நான் யோசனை சொன்னதற்கு ஒயர்மேனிடமிருந்து கடுமையாகத் திட்டு விழுந்தது. பழுது வருகிற சமயத்தில் அந்தக் குழியைச் சுற்றியுள்ள மண்ணே கரண்டு ஏறி நிற்கும். ஈரக் காலோடு பக்கத்தில் நிற்பவன் என்ன ஆவான் என்று கேட்டார். அதனால் கல் தன் இடத்திலேயே தள்ளி இருந்தது. அங்கிருந்து செங்கல் பதித்து ஒரு வாய்க்கால் போட்டு, அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு குழிக்கும் விட்டோம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தண்ணீர் மட்டும் வேறு பக்கம் போக வேண்டும் என்று ஒயர்மேன் உத்தரவு போட்டார். எண்ணெய்ப் பிசுக்கும் சீயக்காயும் புனல் வலையை அடைத்துவிடும். முதலாளி அதை ஏற்றுக்கொண்டார். அவர் வீட்டார் என்ன நினைத்தார்களோ.

மில்லுக்குக் கரண்டு இன்னும் வரவில்லை. ஆனால் பக்கத்திலேயே இருந்த அவர் வீட்டில் விளக்குக்கு கனெக்‌ஷன் இருந்தது. அங்கிருந்து பேஸ் எடுத்து, ஒரு பல்பு வழியாக எர்த் பைப்பில் கொடுத்துப் பார்த்தோம். எர்த் நன்றாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், காய்ந்திருந்தால் மங்கும். மங்கும்போது அந்தப் பைப்பும் ஒயருமே ஷாக் அடிக்கும் என்பதால் ஒயர்மேன் எல்லாரையும் தூர நிற்க வைத்தார். சோதனை முடிந்த உடனே இணைப்பைக் கழற்றினார். காலையில் முதலாளி குளித்து முடித்ததும் பல்பு ஜொலித்தது. சாயங்காலம் அதே பல்பு சோகையாக இருந்தது. மறுநாள் குளித்தார், மறுபடி ஜொலித்தது. புது மண், புதுக் கரி, உள்ளே தண்ணீர் தங்கவில்லை. நாள் போகப் போக ஊறிவிடும் என்றார் ஒயர்மேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தேதி சொல்லி அனுப்பியபோது சந்தோஷப்பட்டோம். அன்றைக்கு என்ன திதி என்று பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று சதுர்த்தசி. நாங்கள் போனபோது முதலாளி முன்கட்டில் பாயில் உட்கார்ந்திருந்தார். முழு உபவாசம். சாப்பாடு இல்லை, வியாபாரப் பேச்சு இல்லை, வீட்டு வேலை எதையும் செய்யச் சொல்லவும் மாட்டார். குளிக்கவும் மாட்டார். ஒயர்மேன் பின்கட்டுக்கு ஓடிப்போய் வாய்க்காலைப் பார்த்தார். செங்கல்மேல் ஓர் எறும்பு நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தது.

மின்சார இலாகா இன்ஸ்பெக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். புழுதியில் சட்டையும் மீசையும் ஒரே நிறமாக இருந்தன. கருவிப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார், யாரிடமும் கொடுக்கவில்லை. ஒயர்க் காப்பைச் சோதிக்கிற மெக்கர் கருவியின் கைப்பிடியைச் சுற்றி மோட்டாரையும் ஒயரிங்கையும் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். ஸ்விட்சுகளைத் திறந்து பார்த்தார், தலையாட்டினார். பிறகு வாழைத் தோட்டத்துக்கு வந்து, மோட்டாரோடு இருந்த இணைப்பைக் கழற்றச் சொல்லி, சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு ஆணியை அடித்து, எர்த் டெஸ்டரின் கைப்பிடியைச் சுற்றினார். அதன் முள் பாஸ் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் ஒயர்மேனின் முகம் செத்துவிட்டது.

"கரி இருக்குது, உப்பு இருக்குது, ஈரம் இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "இது எர்த் இல்லப்பா. ஊறுகா."

ஒரு குடம் தண்ணீர் ஊற்று, மறுபடி பார்க்கலாம் என்றார். நியாயமான பேச்சுதான். ஊற்ற முடியாத காரணத்தை ஒயர்மேன் சொன்னார். இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு முன்கட்டுக்கு நேரே போய், நாலு குடம் தண்ணீர் ஊற்ற அனுமதி கொடுங்கள் என்று முதலாளியிடமே கேட்டார். முதலாளி அன்போடு கை கூப்பினார். இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். முதலாளி இன்னும் அன்போடு கை கூப்பினார்.

திரும்பி வந்து ஷூவை மாட்டிக்கொண்டே, மத்தியான பஸ்ஸுக்குத் தான் போயாக வேண்டும் என்றும், இனி இந்தப் பக்கம் வர அறுவடை தாண்டிவிடும் என்றும் சொன்னார். நான் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிங்கவரத்து வரப்பு கண்ணில் தெரிந்தது.

ஒயர்மேன் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"டேய், முதலாளி இன்னா சொன்னாரு? குழிக்குன்னு தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொன்னாரு. குளிக்கக் கூடாதுன்னா சொன்னாரு?"

"இல்லண்ணா."

"நீ காலையில குளிச்சியா?"

"குளிச்சேண்ணா."

"பரவால்ல. சட்டையக் கழட்டு."

கல்மேல் உட்கார்ந்து குளித்தேன். குளிக்கிறவன் போலக் குளிக்க வேண்டும், வெறுமனே தண்ணீரைக் கொட்டக்கூடாது என்று ஒயர்மேன் பக்கத்தில் நின்று கண்டித்துக்கொண்டே இருந்தார். காதுக்குப் பின்னால் தேய், முதுகைத் தேய் என்றார். தண்ணீர் வாய்க்காலில் ஓடி இரண்டாகப் பிரிந்து இரண்டு புனலிலும் இறங்கியது. இறங்கி ஊறக் கொஞ்ச நேரம் காத்திருந்து, இன்ஸ்பெக்டர் கைப்பிடியைச் சுற்றினார். முள் இறங்கியிருந்தது. ஆனால் போதாது. ஒயர்மேன் குளித்தார். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, மணிக்கணக்கில் ஊறுகிறவர் போலக் குளித்தார். மறுபடி சுற்றினார், இன்னும் இறங்கியது. மறுபடி நான் குளித்தேன். எனக்குப் பல் தந்தியடித்தது; வெயிலோ மண்டையைப் பிளந்தது.

"உள்ள ஒருத்தரு கும்புடறாரு, வெளிய ரெண்டு பேரு மாத்தி மாத்திக் குளிக்கறீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "நான் ஆபீஸ்ல போயி இத எப்படிச் சொல்லுவேன்?"

ஒரு குழி சரியாகிவிட்டது. இரண்டாவது குழியில் முள் கோட்டுக்குச் சற்று மேலேயே நின்றது. என்னைப் பார்த்தார், நான் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். ஒயர்மேனைப் பார்த்தார், அவர் இதற்குமேல் குளித்தால் பொய்யாகிவிடும் என்பது போலத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் தன் சட்டைக் காலரை விரலால் தடவி, விரலில் ஒட்டிய புழுதியைப் பார்த்தார்.

"எனக்கு நெசமாவே கசகசன்னுதான் இருக்குது," என்றார்.

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கருவிப் பெட்டிமேல் வைத்தார். ஒயர்மேன் மரியாதையாகத் தன் துண்டைப் பிழிந்து நீட்டினார். வாளியில் சேந்திக் கொடுத்தது நான். அந்தக் கல்லில் உட்கார்ந்து, ஒரு நல்ல உத்தியோகத்தில் இருப்பவர் எப்படிக் குளிப்பாரோ அப்படி, அவசரம் இல்லாமல், கண்ணை மூடிக் குளித்தார். இரண்டாவது குழிக்கு ஜாஸ்தி போகும்படி ஒயர்மேன் வாய்க்காலில் ஒரு செங்கல்லைத் திருப்பி வைத்தார். அதை இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார், பிறகு மூடிக்கொண்டார்.

துண்டைக் கட்டியபடியே வந்து கைப்பிடியைச் சுற்றினார். முள் கோட்டுக்குக் கீழே இறங்கி நின்றது.

உடுத்திக்கொண்ட பிறகு அவர் பழைய இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார். குளிக்கிற கல்லுக்கும் குழிக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்த்தார், போதும் என்றார். குழிகளுக்கு உடனே இரும்பு மூடி போடச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

"இன்னிக்குச் சரி. மாசத்துல அட்டமி, சதுர்த்தசின்னு நாலு நாள் அவரு குளிக்க மாட்டாரு. கோடையில ஒரு நாள் விட்டா காஞ்சு போவுமே. அன்னிக்கு எவன் குளிப்பான்?"

ஒயர்மேன் யோசிக்கவே இல்லை. என் ஈரத் தோளில் கையை வைத்தார்.

"இவன் குளிப்பான் சார்."

"இவன் யாரு?"

"என் அப்ரண்டிஸ்."

இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தவறாமல் வருவியா என்று கேட்டார். வருவேன் சார் என்றேன். ஓடிப்போய் மத்தியான பஸ்ஸைப் பிடித்தார். பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே அவர் ஒருவர் தலை மட்டும் பளபளவென்று சீவியிருந்தது.

முன்கட்டைத் தாண்டும்போது முதலாளியிடம் பாஸாகிவிட்டது என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். வியாபாரப் பேச்சு. ஈரத் தலையோடு சும்மா நின்றேன். அவர் என் தலையைப் பார்த்தார், பின்னால் வந்த ஒயர்மேன் தலையைப் பார்த்தார். கை கூப்பினார். இந்தத் தடவை கூப்பியது கொஞ்ச நேரம் நீடித்தது.

சிங்கவரத்துக்கு நடந்தே போனேன். நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது என்றேன். இன்னா வேலை என்றார். எர்த்தைப் பற்றி, மல்லாட்டை கொட்டுகிற பெண்களைப் பற்றி, சொட்டுச் சொட்டாகப் போனால் பியூஸுக்கு உறைக்காது என்பதைப் பற்றி, எனக்குச் சொல்லப்பட்டது போலவே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் மாதம் நாலு நாள் மில்லுக்குப் போய்க் குளிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

நைனா வாளியைக் கீழே வைத்தார். படித்தவர்கள் உலகத்தில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று அவர் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"சோப்பு அவங்க குடுப்பாங்களா, நாம எடுத்துக்கினு போவணுமா?"

எனக்கு அதைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவே இல்லை.